தேதி போட்ட மூன்று செக்: ஒரு கடிதம் திருந்திய விதம்

"தங்கள் கணக்கில் பாக்கி நிற்கிறது. உடனடியாக மூன்று செக்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். தேதி, தொகையை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம். செக் ரிட்டர்ன் ஆனால் கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்."

ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளி மொத்த வியாபாரி, கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருக்கும் தன் வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தியை எழுதிவைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் அனுப்பவில்லை. கடன் வியாபாரம் நடக்கும் ஊர்களில் தினமும் கைமாறுகிற செய்திதான் இது. இந்த நாலு வரியில் பில் எண் கிடையாது. எவ்வளவு பாக்கி என்பது கிடையாது. எந்தத் தேதிக்கு எவ்வளவு என்பதும் கிடையாது. இருப்பது அவசரமும் மிரட்டலும் மட்டும். பத்து வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒருவர் இதைப் படித்தால் முதலில் மனம் கசந்துபோவார். பிறகு செக் கொடுக்கத் தயங்குவார். அவர் தயங்குவது நியாயமும்கூட.

பின்தேதியிட்ட செக்கை வியாபாரிகள் பிடிசி என்பார்கள். சரக்கு இன்று, பணம் பிறகு என்று பேசி முடித்தபின், அந்தப் 'பிறகு' எந்த நாள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுப்பதுதான் அது. வங்கிக் கடன் தவணைகளுக்குக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதி வந்துவிட்டது. ஆனாலும் மொத்த வியாபாரிக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவே இன்றும் செக்தான் அதிகம் புழங்குகிறது. அதனால் அதைக் கேட்கும் கடிதத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. ஈரோட்டுக்காரரின் அந்த நாலு வரியை ஒவ்வொன்றாகத் திருத்திப் பார்க்கலாம்.

கணக்கு இதுதான். 2025 செப்டம்பர் 12 அன்று தீபாவளிக்காகப் போர்வை, துண்டு, லுங்கி போயிருக்கிறது. ஜிஎஸ்டி சேர்த்து பில் தொகை 3,68,400 ரூபாய். ஆர்டர் கொடுத்தபோதே கடைக்காரர் 68,400 ரூபாயை வங்கி வழியாக அனுப்பிவிட்டார். மீதி சரியாக 3 லட்சம்.

முதலில் திருத்த வேண்டியது "நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்ற வரி. வெற்று செக் வாங்கிவைத்தால் பிடி நம் கையில் இருக்கும் என்று மொத்த வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். சட்டமும் ஓரளவு அவர்கள் பக்கம் பேசுவதுபோலத் தோன்றும். கையெழுத்துப் போட்டு மனமறிந்து கொடுத்த செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுத்ததுதான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் பீர் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் அது முதல்படிதான். கொடுத்தவர் அதை மறுத்து நிரூபிக்கலாம். "அது பழைய பாக்கிக்குக் கொடுத்தது, அதை அப்போதே அடைத்துவிட்டேன்" என்றோ, "என் கடன் 1 லட்சம், இவர் 3 லட்சம் என்று எழுதிக்கொண்டார்" என்றோ அவர் வாதாடுவார். அப்போது மொத்த வியாபாரி பில்லையும் பேரேட்டையும் தூக்கிக்கொண்டு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்க வேண்டும். தேதியும் தொகையும் கடைக்காரரே தன் கையால் எழுதிக் கொடுத்த செக்கில் இந்த வாதத்துக்கு இடம் மிகக் குறைவு.

கொடுப்பவருக்கோ இதில் ஆபத்து இன்னும் பெரியது. மேலே சொன்ன தீர்ப்பின்படி, வெற்று செக் கொடுத்தவர் "நான் நிரப்பவில்லை" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. ஆகவே கடிதத்தின் முதல் திருத்தம், "தேதி, தொகை, பெயர் மூன்றையும் தாங்களே நிரப்பி அனுப்பவும்; நிரப்பாத செக்கை நாங்கள் பெற்றுக்கொள்வதில்லை" என்பது. வாங்குபவரே இப்படி எழுதும்போது கடைக்காரரின் பாதித் தயக்கம் போய்விடும்.

அடுத்தது தேதி. ஈரோட்டுக் கடையின் கணக்குப்பிள்ளை முதலில் சொன்னது, மாதம் 1 லட்சம் வீதம் அக்டோபர் 5, நவம்பர் 5, டிசம்பர் 5. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமை. அது பெரிய தவறில்லை. மறுநாள் வங்கியில் போட்டுக்கொள்ளலாம். உண்மையான சிக்கல் வேறு. அந்த வருடத் தீபாவளி அக்டோபர் 20. அக்டோபர் முதல் வாரத்தில் துணிக்கடைக்காரர் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் சரக்கில் போட்டுவிட்டு வியாபாரம் சூடுபிடிக்கக் காத்திருப்பார். மாதத்தின் முதல் வாரம் கடை வாடகையும் ஆள் சம்பளமும் போகிற வாரம் வேறு. அந்தத் தேதிக்குச் செக் எழுதச் சொல்வது, செக் ரிட்டர்ன் ஆவதற்கு நாமே நாள் குறித்துக் கொடுப்பதற்குச் சமம்.

எந்த நாளில் பணம் இருக்கும் என்பதைக் கொடுப்பவரிடம்தான் கேட்க வேண்டும். கடிதம் எழுதுவதற்கு முன் ஒரு போன் போதும். "அண்ணே, உங்களுக்கு எப்பவெல்லாம் தோதுப்படுமுங்க?" என்று கேட்டால், தீபாவளி முடிந்த கையோடு பெரிய தொகை தர முடியும், பிறகு மாதம் 10 தேதிக்கு மேல்தான் வசதி என்று அவரே சொல்லிவிடுவார். அதன்படி தேதிகள் இப்படி அமைகின்றன: அக்டோபர் 22, நவம்பர் 12, டிசம்பர் 10. மூன்றுமே புதன்கிழமை. வாரத்தின் நடுநாளாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஏதாவது கேள்வி எழுந்தால் அதற்கு முன்னும் பின்னும் வங்கி திறந்திருக்கும். ஞாயிறு தவிர இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளிலும் வங்கிகளுக்கு விடுமுறை என்பதை நாள் குறிக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேதி பற்றி இன்னொரு குழப்பம் பலருக்கு உண்டு. செக் மூன்று மாதம்தானே செல்லும், செப்டம்பரில் கையெழுத்துப் போட்ட செக் டிசம்பரில் செல்லுமா என்பார்கள். செல்லும். ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் செக்கின் ஆயுளை ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகக் குறைத்தது உண்மை. ஆனால் அந்த மூன்று மாதம் செக்கில் எழுதிய தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அல்ல. எழுதிய தேதி வரும்வரை அது வங்கியில் பணம் பெறக்கூடிய செக்கே இல்லை. முன்கூட்டியே போட்டால் வங்கி திருப்பி அனுப்பிவிடும். இரண்டு பக்கத்துக்கும் ரிட்டர்ன் கட்டணம் விழலாம். அவசரத்தில் ஒருநாள் முன்னதாகப் போட்டுவிட்டுப் பழகிய பார்ட்டியின் மனக்கசப்பைச் சம்பாதித்தவர்கள் உண்டு.

இப்போது தொகை. 3 லட்சத்தை மூன்றால் வகுத்தால் கணக்கு எளிது. ஆனால் பணம் வரும் வேகம் அப்படிச் சமமாக இருப்பதில்லை. தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் கடையில் பணம் இருக்கும். டிசம்பரில் வியாபாரம் மந்தம். அதனால் முதல் செக் 1,40,000, இரண்டாவது 1,00,000, மூன்றாவது 60,000 என்று இறங்குமுகமாக வைப்பது நல்லது. கடைசி செக் சிறியதாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஜவுளியில் சாயம் போனது, கிழிசல், அளவு மாறியது என்று கொஞ்சம் சரக்கு திரும்பி வரும். 8,500 ரூபாய்ச் சரக்கு திரும்பினால் அதைக் கடைசி செக்கில் கழிக்கலாம். 60,000 ரூபாய் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 51,500-க்குப் புது செக் வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். அதற்கு, திரும்பும் சரக்கை இன்ன தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்.

ஏன் புது செக்? பழையதிலேயே தொகையை அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் ஆகாதா? ஒரு காலத்தில் ஆகும். செக்கின் படத்தை மட்டும் அனுப்பிப் பணம் தீர்க்கும் முறை வந்தபிறகு, பெயரிலோ தொகையிலோ திருத்தம் உள்ள செக்கை வங்கிகள் ஏற்பதில்லை. ஓர் எழுத்து பிசகினாலும் புதுத் தாள்தான். இதையும் கடிதத்தில் முன்பே சொல்லிவிட்டால் கொரியர் செலவும் ஒரு வாரமும் மிச்சம். எண்ணில் எழுதியதும் எழுத்தில் எழுதியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வங்கி அதைத் திருப்பி அனுப்பிவிடும். தமிழில் எழுதிய செக்கும் செல்லும் என்பதை இங்கே சொல்லிவைப்பது நல்லது. ஆங்கிலத்தில் தொகை எழுதத் தடுமாறி யாரிடமோ கொடுத்து நிரப்பும் கடைக்காரர்கள், தங்கள் கையாலேயே தமிழில் நிரப்பலாம்.

எதற்காக இந்தச் செக் என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவனம் மிகவும் தேவைப்படும் இடம் இதுதான். பலர் 'செக்யூரிட்டிக்காக' என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் ஆர்டர் எடுக்கும்போதே, சரக்கு போவதற்கு முன்பே, முழுத் தொகைக்கும் பிடிசி கேட்டு வாங்கிவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் சிக்கல் தரும்.

இண்டஸ் ஏர்வேஸ் என்ற நிறுவனம் விமான உதிரிபாகங்களுக்கு ஆர்டர் கொடுத்து, முன்பணமாக இரண்டு பின்தேதியிட்ட செக் கொடுத்தது. பிறகு செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்குச் சொல்லி, ஆர்டரையும் ரத்து செய்துவிட்டது. விற்பவர் வழக்குப் போட்டார். சரக்கே போகாதபோது அங்கே கடன் என்று ஒன்று இல்லை, ஆகவே செக் மோசடிக் குற்றமும் இல்லை என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம். கிரிமினல் வழக்கு நிற்காது. 2016-இல் வந்த சம்பெல்லி சத்தியநாராயண ராவ் வழக்கு வேறு மாதிரி. அங்கே கடன் தொகை கைக்கு வந்தபிறகு தவணைகளுக்கான செக்குகள் பணமாகவேண்டிய நிலை. ஒப்பந்தத்தில் அவற்றைச் 'செக்யூரிட்டி' என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தது நடக்கவில்லை. செக்கில் எழுதிய தேதியில் கடன் இருந்ததா என்பதே கேள்வி என்றது நீதிமன்றம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த வியாபாரி செய்ய வேண்டியது தெளிவாகிறது. சரக்கு போய்ச் சேர்ந்தபின், பில் எண்ணைச் சொல்லிச் செக் கேட்க வேண்டும். செக்யூரிட்டி என்ற சொல்லே கடிதத்தில் வேண்டாம்; "இந்த பில்லின் மீதித் தொகைக்காக" என்று நேரடியாக எழுதினால் போதும்.

மிரட்டல் வரியை எடுத்துவிடலாம். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால் இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சொல்கிறது. கடிதத்தில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தச் சட்டம் அங்கேயே இருக்கும். அந்த இடத்தில், செக் திரும்பாமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதினால் உண்மையிலேயே பயன் உண்டு.

அப்படி எழுத வேண்டியவை இரண்டு. ஒன்று, பணம் இருக்க வேண்டிய நேரம். முன்பெல்லாம் இன்று போட்ட செக் நாளை பாஸ் ஆகும். அதை நம்பி, "அவர் செக் போட்டிருப்பார், நாளைக் காலையில் பணம் கட்டிக்கொள்ளலாம்" என்று கடைக்காரர்கள் இருந்தார்கள். 2025 அக்டோபர் 4 முதல் அந்த இடைவெளி போய்விட்டது. பகலில் வரும் செக்குகள் உடனுக்குடன் மறுபக்க வங்கிக்குப் போகின்றன. அந்த வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அக்டோபர் 22 தேதியிட்ட செக்குக்கு, 22 காலையிலேயே கணக்கில் பணம் இருந்தால்தான் நிம்மதி. பழைய பழக்கத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு இதை எடுத்துச் சொல்வது அவருக்குச் செய்யும் உதவி.

இன்னொன்று பாசிடிவ் பே. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு, செக் எண், தேதி, பெயர், தொகை ஆகியவற்றைக் கொடுத்தவர் தன் வங்கிக்கு முன்பே தெரிவித்துவைக்கும் ஏற்பாடு இது. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. 5 லட்சமும் அதற்கு மேலும் உள்ள செக்குகளுக்கு வங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம். அதற்குக் கீழே கொடுப்பவரின் விருப்பம். நம் கணக்கின் மூன்று செக்குமே 50,000-ஐத் தாண்டியவை. வங்கியின் செயலியிலோ கிளையிலோ இரண்டு நிமிடத்தில் பதிந்துவிடலாம். தபாலில் போகும் செக்கை யாராவது கைப்பற்றித் தொகையை மாற்றினால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். இது கொடுப்பவருக்கே பாதுகாப்பு என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் வைத்து எழுதினால் கடிதம் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

12.09.2025 தேதியிட்ட 417-ஆம் எண் பில்லின் சரக்கு தங்கள் கடைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரிவித்தீர்கள். நன்றி. பில் தொகை ரூ.3,68,400. தாங்கள் முன்பே வங்கி வழியாக அனுப்பிய ரூ.68,400 வரவு வைத்தது போக மீதி ரூ.3,00,000.

போனில் பேசி முடிவு செய்தபடி, இந்தப் பில்லின் மீதித் தொகைக்காகக் கீழ்க்கண்ட மூன்று செக்குகளை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

22.10.2025 — ரூ.1,40,000
12.11.2025 — ரூ.1,00,000
10.12.2025 — ரூ.60,000

மூன்றையும் எங்கள் நிறுவனத்தின் பெயரில், 'அக்கவுன்ட் பேயீ' என்று கிராஸ் செய்து, தேதி, தொகை, பெயர் எல்லாவற்றையும் தாங்களே நிரப்பி அனுப்பவும். நிரப்பாத செக்கை நாங்கள் பெறுவதில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் வங்கி ஏற்காது என்பதால், பிழை வந்தால் வேறு தாளில் எழுதவும். மூன்று செக்கின் எண்களையும் குறித்து ஒரு தாள் உடன் வைக்கவும். கிடைத்த அன்றே எண்களோடு ரசீது அனுப்புகிறோம்.

எந்தச் செக்கையும் அதன் தேதிக்கு முன் வங்கியில் போடமாட்டோம். போடுவதற்கு இரண்டு நாள் முன்பு தங்களுக்குப் போன் செய்வோம். இப்போது செக் அன்றைக்கே பாஸ் ஆகிவிடுவதால், அந்தத் தேதியில் காலையிலேயே கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளவும். தங்கள் வங்கியில் பாசிடிவ் பே பதிந்துவைப்பது தங்களுக்கும் பாதுகாப்பு.

தொகையை வேறு வழியில் அனுப்பிவிட்டால், அதற்குரிய செக்கைத் திருப்பி அனுப்பிவிடுவோம். திரும்பும் சரக்கு இருந்தால் 15.11.2025-க்குள் தெரிவிக்கவும், கடைசி செக்கில் சரிசெய்துகொள்ளலாம்.

தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

மிரட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. கேட்பவர் மூன்று வாக்குறுதிகள் கொடுக்கிறார்: முன்னால் போடமாட்டேன், சொல்லாமல் போடமாட்டேன், பணம் வந்தால் செக்கைத் திருப்புவேன். நல்ல வாடிக்கையாளரிடம் செக் வாங்கித் தருவது இந்த மூன்று வரிகள்தான்.

செக் வந்தபின் வேலை தொடங்குகிறது. கவரைப் பிரித்ததும் ஒவ்வொரு தாளிலும் வருடம் சரியா என்று பார்க்க வேண்டும். பெயர் வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். கடையின் போர்டில் ஒரு பெயரும் கணக்கில் வேறு பெயரும் இருக்கும் ஊர் நம்முடையது. தாள் எந்த வங்கியுடையது என்பதும் முக்கியம். வங்கிகள் இணைந்தபோது அலகாபாத் வங்கி, ஓரியண்டல் வங்கி, யுனைடெட் வங்கி ஆகியவற்றின் பழைய செக் புத்தகங்கள் 2021 அக்டோபர் 1 முதல் செல்லாமல் போயின. அப்படிச் செல்லாத தாள் திரும்பினால் 138-வது பிரிவின் கீழ் குற்றமாகாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய புத்தகத்திலிருந்து கிழித்துக் கொடுத்த தாளை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம். அதை அன்றே சொல்லி மாற்றி வாங்க வேண்டும்.

பிறகு பதிவேடு. எந்த பார்ட்டி, எந்த பில், செக் எண், வங்கி, தேதி, தொகை, வந்த நாள், போட்ட நாள், பாஸ் ஆனதா என்று ஒரு வரிசை. கணினியில் கணக்கு வைப்பவர்கள் டாலியில் பின்தேதிப் பதிவாகவே போட்டுவிடலாம். அந்தத் தேதி வரும்வரை வரவில் சேராது. செக்கைப் பூட்டி வைக்க வேண்டும். மடிக்கக் கூடாது, கீழே உள்ள வெள்ளைப் பட்டையில் பின் அடிப்பதோ முத்திரை குத்துவதோ கூடாது. போட்டோ எடுத்துவைப்பது நல்லதுதான், ஆனால் அதை கடை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஆபத்து. கணக்கு எண்ணும் கையெழுத்தும் அதில் இருக்கிறது. பூட்டின் சாவி வைத்திருப்பவரும் பதிவேடு எழுதுபவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

கொடுத்தவருக்கும் வேலை உண்டு. செக்கின் அடிக்கட்டையில் எழுதிவைப்பதோடு நிறுத்தாமல், வந்த ரசீதை பில்லோடு சேர்த்து வைக்க வேண்டும். செக் கிடைக்கவில்லை என்று எதிர்ப்பக்கம் சொன்னால் உடனே வங்கியில் அந்த எண்ணுக்குப் பணம் தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதை மொத்த வியாபாரிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

நடுவில் பாதிப் பணம் வந்துவிட்டால் என்ன செய்வது? மிகவும் பேர் தவறுகிற இடம் இது. நவம்பர் 10 அன்று ஈரோட்டுக் கடையிலிருந்து போன் போகிறது: "அண்ணே, புதன்கிழமை உங்க செக்கைப் போடறோமுங்க." கள்ளக்குறிச்சிக்காரர் சொல்கிறார்: "தம்பி, வியாபாரம் டல்லு. இன்னைக்கு 40 அனுப்பிடறேன். மீதி 60-ஐ பத்து நாள் கழிச்சு வாங்கிக்கங்க." சொன்னபடி 40,000 வந்துவிடுகிறது. கையில் இருப்பதோ 1 லட்சம் ரூபாய் செக். போடலாமா?

போடக்கூடாது. குஜராத்தில் ஒருவர் 20 லட்சத்துக்குச் செக் கொடுத்திருந்தார். இடையில் 4 லட்சத்துக்குச் சற்று மேல் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் முழு 20 லட்சத்துக்கும் செக்கைப் போட்டார், திரும்பியது. தசரத்பாய் படேல் வழக்கு என்று அறியப்படும் இதில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது: செக்கைப் போட்ட நாளில் அவ்வளவு கடன் இல்லை, ஆகவே குற்றம் இல்லை. இடையில் வந்த பணத்தைச் செக்கிலேயே குறித்துவிட்டு மீதிக்குப் போட்டிருக்க வேண்டும். சட்டத்தில் 56-வது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் செக்கின் படத்தை மட்டும் பார்க்கும் இன்றைய முறையில், அப்படிக் குறித்த தாளை வங்கி தயக்கமின்றி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

நடைமுறைக்கு ஏற்ற வழி, நவம்பர் 21 தேதியிட்டு 60,000-க்குப் புது செக் வாங்கிக்கொண்டு பழையதைத் திருப்பிக் கொடுப்பது. புதுசு கைக்கு வரும்வரை பழையதைப் போடாமல் வைத்திருக்கலாம். மூன்று மாதம் அதற்கு உயிர் உண்டு, அவசரம் இல்லை. கடைக்காரரும் திரும்பி வந்த செக்கின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிக் கிழித்துவிட வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒரு செக் திரும்பினால், நாள் கணக்கு மிக முக்கியம். டிசம்பர் 10 செக் திரும்பிய தகவல் 11 அன்று வங்கியிலிருந்து கிடைத்தால், 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் டிசம்பர் 22 அன்று கடைக்காரர் கைக்குப் போனால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஜனவரி 6 வரை. அதற்குள் கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது, குற்றமே இல்லை. கட்டாவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 2015-இல் வந்த திருத்தத்தின்படி, செக்கைப் போட்டவரின் வங்கிக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும். நம் கணக்கில் அது ஈரோடு. கள்ளக்குறிச்சிக்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அங்கே போய்வர வேண்டியிருக்கும். ஆனாலும் நோட்டீஸுக்கு முன் ஒரு போன் செய்வதில் நஷ்டமில்லை. வெறும் கையெழுத்து மாறியதால் திரும்பியிருக்கலாம். மூன்று மாதத்துக்குள் அதே செக்கை மறுபடியும் போடலாம். பேசிப் பேசி 30 நாளைக் கடத்திவிடாமல் இருந்தால் சரி.

கடைசி செக் பாஸ் ஆனதும், 417-ஆம் எண் பில் முழுவதும் தீர்ந்தது, எங்களிடம் தங்கள் செக் எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புவது மொத்த வியாபாரியின் கடமை. இதை வாசிக்கும் கடைக்காரர்கள் யாராவது முன்பு எப்போதோ கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக் இன்னும் யாரிடமாவது கிடந்தால், பாக்கி தீர்ந்துபோனதென்று சும்மா இருக்க வேண்டாம். இந்த வாரமே கேட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி வங்கியில் நிறுத்திவைத்து, வாங்கியவருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் எழுதி, அதன் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.